கொலுசுக் கணக்கில் ஆறு கிலோ கூடுதல்

*மேடம், வணக்கம். சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சி.ஏ. படிப்புக்கான ஆர்டிகிள்ஷிப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். வாழப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறேன். செப்டம்பர் பிறந்ததிலிருந்து காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஒன்பதரை ஆகிறது. ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் வரச் சொல்கிறார்கள். கைக்கு வரும் ஸ்டைபெண்ட் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடுகிறது.*

*எங்களுக்கு மேலே இருக்கும் சார் எதை எடுத்துப்போனாலும் "மறுபடி போடு" என்கிறார். எங்கே தவறு என்று சொல்வதில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரி ஒருவரின் சரக்குக் கணக்கு இதோடு நான்காவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. தொடக்க இருப்பு 40 கிலோ கட்டி வெள்ளி. ஆண்டில் வாங்கியது 200 கிலோ கட்டி. விற்ற கொலுசு 250 கிலோ, 80 தரம். அப்படியானால் 40 கிலோ மிஞ்ச வேண்டும். வாடிக்கையாளர் தந்த பட்டியலில் கடையில் கட்டி 6, கொலுசு 15, பட்டறைகளில் 25 என்று மொத்தம் 46 இருக்கிறது. நேற்று இரவு எட்டரைக்கு, "இருப்பை 40 என்று மாற்றிப் போட்டு முடி, நேரமில்லை" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேசாமல் வேறு அலுவலகத்துக்கு மாறிவிடலாமா?*

வாடிக்கையாளரின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நீக்கிவிட்டேன், எடைகளையும் மாற்றிவிட்டேன், விகிதம் மட்டும் உங்களுடையது. வாடிக்கையாளரின் விவரத்தை வெளியே சொல்வது நம் தொழிலில் ஒழுங்கு மீறல். பயிற்சிக் காலத்திலேயே அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட வேண்டும். இதை மட்டும் கடிந்து சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அலுவலகம் மாறுவதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த ஆறு கிலோ. உங்கள் இரவுகளில் பாதியைத் தின்றிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

விற்பனையை நீங்கள் சரியாகவே மாற்றியிருக்கிறீர்கள். 80 தரக் கொலுசு 250 கிலோ என்றால் அதற்குள் இருக்கும் சுத்த வெள்ளி 200 கிலோ. மீதி 50 கிலோ செம்பும் கலப்பும். 240-இல் 200 போனால் 40. இதுவரை பிழையில்லை. ஆனால் இருப்புப் பட்டியலுக்கு வந்ததும் அளவுகோலை மாற்றிவிட்டீர்கள். கடையிலிருக்கும் 6 கிலோ கட்டி; அது சுத்த வெள்ளி. அதற்குப் பக்கத்திலேயே 15 கிலோ கொலுசை அப்படியே கூட்டியிருக்கிறீர்கள். அது கலப்போடு சேர்ந்த எடை. அதில் வெள்ளி 12 கிலோதான். பட்டறையில் இருக்கும் 25 கிலோவும் கொலுசு எடை என்று வைத்துக்கொண்டால் அதில் 20 கிலோ. ஆக 6, 12, 20, மொத்தம் 38.

இப்போது கணக்கு வேறு முகம் காட்டுகிறது. 40 இருக்க வேண்டிய இடத்தில் 38 இருக்கிறது. ஆறு கிலோ கூடுதல் என்று எண்ணிக்கொண்டிருந்தீர்கள். உண்மையில் இரண்டு கிலோ குறைவு. அந்த இரண்டு கிலோதான் ஆண்டு முழுவதும் உருக்கி, இழுத்து, மெருகு போட்டதில் போன சேதாரம். இருப்பில் இருக்கும் 40 கிலோ கொலுசில் எட்டுக் கிலோ கலப்பு ஒளிந்திருந்தது. அது இரண்டு கிலோ சேதாரத்தை மூடி, மேலும் ஆறு கிலோவைக் காட்டியது. உங்கள் வித்தியாசம் அணுப் பிசகாமல் விளங்கிவிட்டது பாருங்கள். ஒரு வித்தியாசத்துக்குச் சரியான காரணம் கிடைத்துவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். "கிட்டத்தட்ட இதனால்தான்" என்று சொல்லும்படி இருந்தால் இன்னும் காரணம் அகப்படவில்லை என்று பொருள்.

சார் சொன்னபடி இருப்பை 40 என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சேதாரம் பூஜ்யம் என்று ஆகியிருக்கும். 234 கிலோ வெள்ளியை உருக்கி ஒரு கிராம்கூடச் சிந்தாத பட்டறை பனங்காட்டிலும் இல்லை, சிவதாபுரத்திலும் இல்லை. வரித் தணிக்கைக்கான 3சிடி படிவத்தில் 35-ஆவது பகுதி இதற்காகவே இருக்கிறது. உற்பத்தியாளர் என்றால் மூலப்பொருள் எவ்வளவு இருந்தது, வாங்கியது, பயன்படுத்தியது, விளைச்சல் எவ்வளவு, குறைவு எவ்வளவு என்று எடை வாரியாக அங்கே நிரப்ப வேண்டும். குறைவு என்ற கட்டத்தில் பூஜ்யத்தைப் பார்த்ததும் வரித் துறை அலுவலர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தவிர, இல்லாத இரண்டு கிலோ வெள்ளியை இருப்பதாகக் காட்டியதாகவும் ஆகும். வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டிவிட்ட காலத்தில் அது சில்லறைப் பிசகு இல்லை.

உங்கள் மனம் ஒப்பாதது நியாயம். ஆனால் சார் மோசடி செய்யச் சொன்னார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இரவு எட்டரைக்கு, நான்காவது முறையாக, காரணம் எழுதப்படாத ஓர் ஆறு கிலோவைப் பார்த்த மனிதர் பேசிய பேச்சு அது. காலையில் 38 என்று காரணத்தோடு எடுத்துப்போனால் அவர் மறுபடியும் "40 போடு" என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்படிச் சொன்னால் நீங்கள் அதைச் செய்யக்கூடாது. உங்கள் தாளில் 38 என்றே எழுதி, உங்கள் சுருக்கொப்பமும் தேதியும் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டு, உங்களைப் பயிற்சிக்கு எடுத்திருக்கும் ஆடிட்டரான பிரின்சிபலிடம் காட்டுங்கள். அறிக்கையில் கையெழுத்திடுபவர் அவர். அதற்கு யுடிஐஎன் என்ற அடையாள எண் வாங்குபவரும் அவர். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அந்த இரண்டு கிலோவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவரைத் தவிர வேறு யார்? தணிக்கைக் கோப்பைக் குறைந்தது ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் சி.ஏ. முடித்துச் சொந்த அலுவலகம் போட்ட பிறகும் உங்கள் சுருக்கொப்பம் அங்கே இருக்கும்.

ஆனாலும் 38 என்று எழுதிக் கோப்பை மூடிவிட முடியாது. ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. பட்டறையில் இருக்கும் 25 கிலோ, கொலுசு எடையா, சுத்த வெள்ளியா? பட்டறைக்காரருக்குக் கட்டியாகக் கொடுத்துச் சரக்காக வாங்கும் வியாபாரி, பட்டறைப் பேரேட்டைச் சுத்த வெள்ளியில் வைத்திருப்பதும் உண்டு, கொலுசு எடையில் வைத்திருப்பதும் உண்டு. ஒரே பேரேட்டில் இரண்டும் கலந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். சுத்த வெள்ளி என்று வைத்துப் பார்த்தால் 6, 12, 25 சேர்ந்து 43 வரும். இருக்கக்கூடிய உச்சமே 40. ஆகவே அது முழுவதும் சுத்த எடையாக இருக்க முடியாது. இருக்கிறது என்று வியாபாரி சாதித்தால், பில் இல்லாமல் வாங்கிய வெள்ளி எங்கோ இருக்கிறது. கொஞ்சம் கட்டியாகவும் மீதி செய்து முடித்த சரக்காகவும் பட்டறையில் கிடந்தால் எடை இரண்டுக்கும் நடுவே எங்காவது வந்து நிற்கும். அப்போது சேதாரம் இரண்டு கிலோவிலிருந்து மாறும். பட்டறை வாரியாகப் பிரித்து, மார்ச் 31 அன்று கட்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவு, என்ன தரம் என்று ஒவ்வொரு பட்டறைக்காரரிடமும் கையெழுத்தோடு இருப்புக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். வேலைக்கு அனுப்பிய சலான்களும், ஜிஎஸ்டியில் பட்டறை வேலைக்கான ஐடிசி-04 படிவம் தாக்கல் செய்திருந்தால் அதுவும் அந்தக் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு குறுக்குவழிச் சோதனை உண்டு. விற்ற சரக்கில் 50 கிலோ கலப்பு, இருப்பில் எட்டுக் கிலோ. ஆக 58 கிலோ செம்பு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். வியாபாரியே செம்பு வாங்கித் தருகிறார் என்றால் கொள்முதல் பேரேட்டில் ஏறக்குறைய அந்த அளவுக்குப் பில் இருக்கும். 30 கிலோவுக்குத்தான் பில் இருக்கிறது என்றால் தரம் 80 என்று சொன்னதே சந்தேகத்துக்குரியது. ஆனால் செம்பைப் பட்டறைக்காரரே போட்டுக் கூலியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாக இருந்தால் இந்தச் சோதனை உதவாது. அங்கே பில்லே இருக்காது. அதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இல்லாத பில்லைத் தேடி இன்னோர் இரவு போய்விடும். 80 தரம் ஒன்றுதான் விற்கிறார் என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்களா, விற்பனைப் பில்களைப் பார்த்தீர்களா என்பதும் கடிதத்தில் தெரியவில்லை. இரண்டு மூன்று தரம் விற்பவராக இருந்தால் தரம் வாரியாகத் தனித்தனி வரி போட்டுச் சுத்த வெள்ளிக்கு மாற்ற வேண்டும்.

கடைசியாக அந்தச் சேதாரம் நம்பக்கூடியதா என்று பார்க்க வேண்டும். உருக்கியது 234 கிலோ; போனது இரண்டு. நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் கீழே. இது அதிகமா, குறைவா என்று பொதுவான எண் ஒன்றை வைத்து நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். சென்ற ஆண்டுக் கோப்பை எடுத்து அப்போது என்ன விகிதம் என்று பாருங்கள். பட்டறைப் பேரேட்டில் கிலோவுக்கு எத்தனை கிராம் சேதாரம் கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் கோப்பை மூடலாம்.

இனி அந்த "மறுபடி போடு". நீங்கள் எடுத்துப்போனது எக்ஸெல் தாள் ஒன்று. அடியில் சிவப்பில் ஆறு என்று ஓர் எண். அதைப் பார்ப்பவர், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உங்கள் வேலையை முதலிலிருந்து தானே செய்ய வேண்டும். செப்டம்பரில் அவருக்கு அது முடியாது. ஒரு சி.ஏ. ஆண்டுக்கு 60 வரித் தணிக்கை வரை ஏற்கலாம். அதில் பெரும்பகுதி இந்த ஒரு மாதத்தில்தான் வந்து விழும், இடையிலே 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி வேறு. "மறுபடி போடு" என்பதற்கு அவர் அகராதியில் "இதைப் புரிந்துகொள்ள எனக்கு நேரமில்லை" என்றுதான் அர்த்தம். அதற்காக அவர் நடந்துகொள்வது சரி என்று சொல்லவில்லை. எங்கே தவறு என்று சொல்லாமல் நான்கு முறை திருப்பி அனுப்புபவர் நல்ல மேற்பார்வையாளர் இல்லை. நான்கு முறை திருப்பியதில் அவருடைய நேரமும்தானே போயிற்று!

நீங்கள் செய்யக்கூடியது, தாளுக்கு மேலே அரைப் பக்கம் எழுதி வைப்பது. எந்த எடையில் கணக்குப் போட்டிருக்கிறேன், எந்த ஆவணத்திலிருந்து எடுத்தேன், என்ன வித்தியாசம் வந்தது, அதற்கு என்ன காரணம், எந்தப் பதில் இன்னும் வரவில்லை, யாரிடம் என்றைக்குக் கேட்டேன். கொலுசுக் கணக்குக்கு அது இப்படி இருக்கலாம்: "எல்லா எடையும் சுத்த வெள்ளியில். விற்பனைத் தரம் பில்களிலிருந்து. இருக்க வேண்டியது 40, இருப்பது 38, குறைவு 2. சேதாரம் எனக் கருதுகிறேன், சென்ற ஆண்டு விகிதம் அடுத்த தாளில். பட்டறை இருப்பு 25 கிலோவின் எடை வகை குறித்து வாடிக்கையாளரிடம் 12-ஆம் தேதி கேட்டிருக்கிறேன், பதில் இல்லை." இதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும். திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் எந்த வரி தவறு என்று சொல்லியாக வேண்டிய நிலை அவருக்கு வந்துவிடும்.

இதை எட்டரைக்கு எடுத்துப்போகாதீர்கள். காலை அவர் வந்து அமர்ந்ததும், போன் அடிக்கத் தொடங்கும் முன் கொடுங்கள்.

இரவு நீள்வதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சிறிய வியாபாரிகளிடம் முழுநேரக் கணக்கர் கிடையாது. பகுதிநேரக் கணக்கர் ஒருவர் பகலில் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு மாலை ஏழு மணிக்கு மேல் கடைக்கு வந்து டேலியைத் திறப்பார். நீங்கள் பகலில் பத்து முறை போன் செய்தாலும் கடைக்காரர் "சாயங்காலம் அவர் வரட்டும்" என்பார். அவர் வந்து பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது உங்கள் கடைசி பஸ் நேரம் நெருங்கியிருக்கும். பதில் வரும் நேரத்தை உங்களால் மாற்ற முடியாது. பதிலுக்காகக் காத்திருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பதை மாற்றலாம். ஒரு கோப்பின் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள். "பட்டறை இருப்பு விவரம் அனுப்பவும்" என்று எழுதினால் அவர் பழைய பட்டியலையே மறுபடி அனுப்புவார். "25 கிலோவில் கட்டி எத்தனை, கொலுசு எத்தனை" என்று, எண் எழுதினாலே பதிலாகிவிடும்படி கேளுங்கள். அவர் இரவு எழுதி அனுப்பட்டும். நீங்கள் காலையில் வந்து தொடங்குங்கள்.

இப்போது நேரத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன கணக்கில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் ஆறு நாளுக்கு 66 மணி, ஞாயிறு நான்கு என்றால் வாரம் 70 மணி. நம் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் விதி வாரத்துக்கு 35 மணி. அவசர வேலை இருந்தால் அதற்கு மேலும் வேலை வாங்கலாம். ஆனால் அதை வழக்கமாக்கக் கூடாது, அப்போதும் 45 மணியைத் தாண்டக் கூடாது, கூடுதலாக உழைத்த நேரத்துக்கு ஈடுவிடுப்பு தர வேண்டும். அந்த அளவுகோலில் உங்கள் அலுவலகம் வாரத்துக்கு 25 மணி எல்லை மீறுகிறது. சீசனில் 45-க்குள் நிற்கும் அலுவலகம் சேலத்தில் அரிது என்பது எனக்கும் தெரியும், உங்கள் பிரின்சிபலுக்கும் தெரியும். அதனால் விதிப் புத்தகத்தை நீட்டிக்கொண்டு போவதைவிட, விதியில் இருப்பதில் நடக்கக்கூடியதைக் கேட்பது மேல்.

நடக்கக்கூடியது இரண்டு. ஒன்று ஈடுவிடுப்பு. இன்றிலிருந்து ஒரு நோட்டில் வந்த நேரம், போன நேரம், பார்த்த கோப்பு மூன்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். நினைவிலிருந்து மாதக் கடைசியில் எழுதியது எடுபடாது. நீங்கள் இப்போது உழைக்கும் ஒவ்வொரு வாரமும் விதிப்படி இன்னொரு முழு வாரத்துக்குச் சமம். சீசன் முடிந்ததும் அந்த நோட்டோடு போய், இறுதித் தேர்வுப் படிப்புக்கென்று இத்தனை நாள் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதில் பாதி கிடைத்தாலும் கையில் கிடைத்த நாள்தானே.

இரண்டாவது பஸ். இது பெண் பிள்ளை தனியாக வாழப்பாடி போய்ச் சேர வேண்டிய விஷயம். இதில் தயங்கவே வேண்டாம். முதலில் சாரிடமே சொல்லுங்கள்: "சார், வாரத்தில் நான்கு நாள் ஏழரைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. மற்ற இரண்டு நாள் எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள், அன்றைக்கு இருந்து முடிக்கிறேன். என் கையிலிருக்கும் கோப்புகளில் எது முதலில் போக வேண்டும் என்று மட்டும் வரிசைப்படுத்திக் கொடுங்கள்." இதற்கு அவர் எரிந்து விழுந்தால் பிரின்சிபலுக்கு அதையே நான்கு வரி மெயிலாக அனுப்புங்கள். உங்களுடைய பயிற்சி ஒப்பந்தம் பிரின்சிபலோடுதான், சாரோடு இல்லை. வேலை நேரத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பை விதி அவர்மேல்தான் வைத்திருக்கிறது. மெயிலில் சாரைப் பற்றிக் குறை எழுதாதீர்கள், பஸ் நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

கடைசித் தேதியைத் தள்ளிவைப்பார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு அடிபடும். 2025-இல் செப்டம்பர் 30 என்றிருந்த தணிக்கை அறிக்கைக் கெடுவை, செப்டம்பர் 25-ஆம் தேதிதான் அக்டோபர் 31-க்குத் தள்ளினார்கள். பிறகு அதுவும் நவம்பர் 10 ஆயிற்று. ஐந்து நாள் முன்னால் வரும் அறிவிப்பை நம்பி யாரும் கோப்பை ஆறப்போட முடியாது. வந்துவிட்டால் ஒன்று நடக்கும்: இதே வேகம் இன்னும் ஒரு மாதம் நீளும். அதனால் பஸ் விஷயத்தைச் "சீசன் முடியட்டும்" என்று ஒத்திப்போடாதீர்கள்.

ஸ்டைபெண்ட் விஷயத்தில் இனிப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. விதிகளில் 48-ஆவது விதி குறைந்தபட்சத் தொகையை நகரத்தின் மக்கள்தொகையை வைத்து மூன்று படியாகப் பிரிக்கிறது: 20 லட்சமும் அதற்கு மேலும், 4 முதல் 20 லட்சம், அதற்குக் கீழ். சேலம் நடுப்படியில் வருகிறது. நீங்கள் வாழப்பாடியில் குடியிருப்பது கணக்கில் வராது, வேலை பார்க்கும் ஊர்தான் கணக்கு. அது குறைந்தபட்சம்தான், மேலே கொடுக்கத் தடையில்லை. ஆனால் குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாக நினைக்கும் அலுவலகங்கள் ஏராளம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று: முதல் ஆண்டு முடிந்த தேதியிலிருந்து இரண்டாம் ஆண்டுத் தொகை ஏறியிருக்கிறதா? பல அலுவலகங்களில் இது மறந்துபோகும், யாரும் கேட்பதும் இல்லை. வங்கிக் கணக்கை ஒரு முறை பாருங்கள். மாதாமாதம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கோ கணக்கில் மட்டும் செலுத்தும் காசோலையாகவோ வர வேண்டும். கணக்கில் போட்டுவிட்டுக் கையில் திருப்பிக் கேட்கும் கூத்தும் சில இடங்களில் நடக்கிறது. உங்களிடம் யாராவது கேட்டால் அது புகாருக்குரிய விஷயம்.

ஸ்டைபெண்டை உயர்த்திக் கேட்பதைவிட, செலவைக் கேட்பது எளிது. தணிக்கைக்கு வெளியே போகும் பஸ் கட்டணம், ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்குச் சரக்குப் பார்க்க அனுப்பினால் அன்றைய சாப்பாடு, இரவு எட்டுக்கு மேல் இருக்கும் நாளில் டிபனும் பஸ் நிலையம் வரை ஆட்டோவும். இவை அலுவலகச் செலவு. வவுச்சர் எழுதி அன்றைக்கே கொடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் கை சுருங்கும்.

அலுவலகம் மாறுவது. செப்டம்பர் நடுவில் வேண்டாம். பாதி முடித்த கோப்புகளோடு போகிறவரைச் சேலம் போன்ற ஊரில் அடுத்த அலுவலகம் சேர்த்துக்கொள்ளும் முன் ஒரு போன் செய்து கேட்கும். இங்கே ஆடிட்டர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சியில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. மீதியை முடித்து அதற்குப் பிறகு ஆறு மாதம் கழித்துத்தான் இறுதித் தேர்வு என்பதால், மாறும்போது நடுவில் விழும் இடைவெளி ஒவ்வொன்றும் உங்கள் தேர்வைத் தள்ளிவைக்கும். சார் கடுமையாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் மாறுவது நஷ்டக் கணக்கு. ஆனால் 38 என்று நிரூபித்த பிறகும் 40 போடச் சொல்லி, பிரின்சிபலும் அதையே சொன்னால், அந்த அலுவலகத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. சீசன் முடிந்ததும் கிளம்புங்கள்.

அப்படிக் கிளம்புவதென்றால், போகும் இடத்தில் வாய்மொழியாக ஒப்புதல் வாங்கிய பிறகே இங்கே பேசுங்கள். பயிற்சியை முடித்துவைக்கும் 109-ஆம் படிவத்தில் பிரின்சிபல் கையெழுத்து வேண்டும். மாற்றத்துக்கு நிறுவனம் ஏற்கும் காரணமும் வேண்டும். அந்தப் படிவத்தில் சேவைக் காலமும் எடுத்த விடுப்பும் உங்கள் நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பயிற்சியைப் பதிவு செய்யும் 103-ஆம் படிவம் நிறுவனத்துக்குப் போயாக வேண்டும்.